அசல் பத்திரம் கேட்ட எழுத்தர்

இது கற்பனைக் கதைதான். ஆனால் 2023-ல் தமிழ்நாட்டின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இது நடந்திருக்கலாம்.

கணவரை இழந்த ஓர் அம்மா. தன் பெயரில் வாங்கிய மூன்று சென்ட் மனையை மகள் படிப்புக்காக விற்க வருகிறார். வாங்குபவர் பணத்தோடு வந்திருக்கிறார். சாட்சிகளும் தயார். அங்கிருக்கும் எழுத்தர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு நிமிர்கிறார்.

"மூலப்பத்திரம் எங்கம்மா?"

"வீடு மாத்தும்போது தொலைஞ்சிருச்சு சார். இந்த ஆபீஸ்லயே வாங்கின நகல் இருக்கு. வில்லங்கம் போட்டிருக்கு, பட்டா என் பேர்ல இருக்கு."

"அசல் வேணும்மா. இல்லைன்னா போலீஸ்ல புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியலைன்னு சான்று வாங்கணும். பேப்பர்ல விளம்பரமும் கொடுக்கணும்."

இது அவராகச் சொன்ன நிபந்தனை அல்ல. 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் சேர்க்கப்பட்ட 55ஏ என்ற விதி அப்படித்தான் சொன்னது. அந்த அம்மாவுக்கோ, இத்தனை வருஷமாக வரி கட்டிவரும் தன் இடத்தைத் தானே விற்பதற்குக் காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டும் என்பது பெரிய அவமானம். கையில் வாங்கிய முன்பணத்துக்கும் கெடு நெருங்குகிறது.

அரசு முத்திரையோடு நகல் இருக்கும்போது அசல் எதற்கு? நம் பதிவுமுறையில் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகம் எல்லாருக்கும் திறந்தது. கட்டணம் கட்டினால் யாருடைய பத்திரத்தின் நகலையும் யாரும் வாங்கலாம். வாங்கப்போகிறவர் விசாரித்துக்கொள்ள இது பெரிய வசதி. ஆனால் இதே வசதியால், நகலைக் கையில் வைத்திருப்பவர்தான் சொத்துக்காரர் என்று சொல்ல முடியாமல் போகிறது. வெளியூரில் இருப்பவரின் காலிமனையைக் குறிவைத்து, நகல் எடுத்து, அவர் பெயரில் போலி அடையாள அட்டை தயாரித்து ஆள்மாறாட்டம் செய்பவர்கள் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். அசல் பத்திரம் பெரும்பாலும் உரியவரின் பீரோவிலோ, கடன் கொடுத்த வங்கியிலோ இருக்கும். அதைக் கேட்டால் மோசடிக்காரருக்கு வழி அடைபடும். அந்த அம்மாவின் இடத்தை வேறொருவர் விற்க வந்திருந்தால், இதே எழுத்தரின் பிடிவாதம்தான் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

நம் கதையின் எழுத்தர் இன்னொன்றும் செய்கிறார். "பதிய முடியாதுன்னு எழுத்துல கேளுங்கம்மா. சார்பதிவாளர் தந்தாகணும்" என்கிறார். இந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 71-ஆம் பிரிவில், பதிவை மறுத்தால் காரணத்தை எழுதி உத்தரவிட்டு, இரண்டாம் புத்தகத்தில் பதிய வேண்டும் என்கிறது. கேட்டால் அதன் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய 72-ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் "இல்லம்மா, போயிட்டு அப்புறம் வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் மேல்முறையீடு செய்ய ஒன்றுமே இருக்காது. இடைத்தரகருக்கு வேலை வருவதும் அப்போதுதான். மக்களிடம் எல்லாக் காகிதமும் கேட்கும் அலுவலகம், தான் தரவேண்டிய ஒரே காகிதத்தைத் தராமல் இருப்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

அந்த அம்மா உத்தரவை வாங்கி, வாங்குபவரிடம் காட்டுகிறார். தாமதத்துக்குக் காரணம் எழுத்தில் இருப்பதால் அவரும் கெடுவை நீட்டிக்கிறார். நாளிதழ் விளம்பரம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. காவல் நிலையச் சான்றுக்குத்தான் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. பதிவு முடிவதற்குள் மகளின் முதல் பருவக் கட்டணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கிவிடுகிறார்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த விதியை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் பதிவு அலுவலருக்குத் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். பதிவு செய்துவிட்டதாலேயே இல்லாத உரிமை வந்துவிடாது. விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கும் கிடைக்கும். உரிமைத் தகராறைத் தீர்க்க வேண்டியது சிவில் நீதிமன்றம். சட்டப்படி இது சரிதான். ஆனால் மோசடிப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால், நிலத்தைப் பறிகொடுத்தவர் வருஷக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டியிருக்கிறதே!

விதி போன அதே மாதம், அசல் ஆவணக் கட்டாயத்தைச் சட்டத்திலேயே சேர்க்கும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அசலைக் கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தொலைத்தவருக்குக் காவல் நிலையம் இத்தனை நாளுக்குள் சான்று தர வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரியும் அதனோடு சேர வேண்டும்.