விலகியும் விலகாத குளோரைடு

1-ஃபீனைல்எத்தில் குளோரைடு என்ற சேர்மத்தின் நடுவில் இருக்கும் ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருக்கின்றன: ஒரு பென்சீன் வளையம், ஒரு மெத்தில் தொகுதி, ஒரு ஹைட்ரஜன், ஒரு குளோரின். இத்தகைய கார்பனைக் கைரல் மையம் என்பார்கள். நான்கையும் இருவிதமாக அடுக்கலாம். இரண்டு அடுக்குகளும் இடக்கையும் வலக்கையும் போன்றவை, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. ஒன்றின் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பினால், மற்றொன்று அதே அளவு இடப்பக்கம் திருப்பும். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் ஒளி திரும்பவே திரும்பாது. அதுதான் சுழிமாய்க் கலவை.

இந்தக் குளோரைடில் ஒரு கை மட்டும் உள்ள மாதிரியை நீர் கலந்த அசிட்டோனில் கரைத்து வைத்தால் குளோரின் வெளியேறி, அந்த இடத்தில் OH வந்து உட்கார்ந்து ஆல்கஹால் உண்டாகிறது. கிடைக்கும் ஆல்கஹால் எந்தக் கை?

1930களில் ஹியூஸும் இங்கோல்டும் இவ்வகை வினைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில், புதிய தொகுதி பின்பக்கமாக நெருங்க நெருங்க, பழைய தொகுதி முன்பக்கமாக விலகுகிறது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தே இதைச் செய்வதால் கார்பனின் அமைப்பு எப்போதும் தலைகீழாகிறது. மற்றொன்றில் வந்து சேரும் தொகுதிக்கு வேகத்தில் பங்கில்லை. குளோரின் முதலில் தானாகவே பிரிந்து போகிறது, எஞ்சுவது நேர்மின்னூட்டம் கொண்ட கார்பன் அயனி. மெதுவான படி இந்தப் பிரிவுதான், அதில் ஈடுபடுவது ஒரே மூலக்கூறு. ஆகவே இதற்கு ஒற்றை மூலக்கூறு பதிலீடு, அதாவது எஸ்.என்.1, என்று பெயர். பென்சீன் வளையம் நேர்மின்னூட்டத்தைத் தன் மேல் பரப்பித் தாங்கிக்கொள்வதால் 1-ஃபீனைல்எத்தில் குளோரைடு இந்த இரண்டாம் வழியில் போகிறது.

பிரிந்து நிற்கும் கார்பன் அயனியில் மூன்று தொகுதிகளே மிஞ்சுகின்றன, அவை ஒரே தளத்தில் தட்டையாக அமைகின்றன. தட்டைக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. நீர் மூலக்கூறு எந்தப் பக்கத்திலிருந்தும் சமமான எளிமையோடு வந்து சேரலாம் என்றால் இரண்டு ஆல்கஹால்களும் பாதிக்குப் பாதி கிடைக்க வேண்டும். பள்ளிப் பாடம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

அளந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் பிசகுகிறது. 80 சதவீதம் அசிட்டோன் கலந்த நீரில் 98 சதவீதம் சுழிமாய்க் கலவையும் 2 சதவீதம் தலைகீழான ஆல்கஹாலும் கிடைக்கின்றன. அதாவது நூறு மூலக்கூறுகளில் 51 தலைகீழானவை, 49 பழைய அமைப்பிலேயே உள்ளவை. இந்த 2 சதவீதத்தை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் அசிட்டோனே இல்லாத தூய நீரில் சுழிமாய்ப் பங்கு 83 சதவீதமாகக் குறைந்து, தலைகீழ்ப் பங்கு 17 ஆகிறது. நூற்றுக்கு 58 அல்லது 59 தலைகீழாகின்றன. இது பிழையாக இருக்க முடியாது. வியப்பு என்னவென்றால், அயனிகளைப் பிரித்து வைப்பதில் நீருக்கு நிகரான கரைப்பான் குறைவு. அயனி அதிகம் பிரியும் இடத்தில் சுழிமாய்ப் பங்கு கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

விடை குளோரைடு போகும் விதத்தில் இருக்கிறது. பிணைப்பு அறுந்த நொடியிலேயே குளோரைடு எங்கோ போய்விடுவதில்லை. விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி போல, எதிர்மின்னூட்டத்தின் ஈர்ப்பால் கார்பன் அயனியை ஒட்டியே நிற்கிறது. இந்த ஜோடிக்கு அயனி இணை என்று பெயர். வாசல் அடைபட்டிருப்பதால், அந்நேரம் வரும் நீர் மூலக்கூறு கொல்லைப்புறமாகத்தான் நுழைய முடியும். அப்படி நுழைந்தால் அமைப்பு தலைகீழாகிறது. குளோரைடு நகர்ந்து, இடையில் கரைப்பான் மூலக்கூறு புகுந்த பிறகு முன்வாசலும் திறக்கிறது. அதற்குப் பின் வருபவை இரு பக்கமும் நுழையலாம், அப்போதுதான் சுழிமாய்க் கலவை உண்டாகிறது.

ஆக, எல்லாம் அயனி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீர் மிகுந்த கரைப்பானில் இந்தக் கார்பன் அயனியின் ஆயுள் ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. குளோரைடு விலகிச் செல்லவும் ஏறத்தாழ அவ்வளவு நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். தூய நீரில் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நெருக்கமாகக் காத்திருப்பதால், குளோரைடு வாசலை விட்டு நகருமுன்பே பின்பக்கமாகப் பிடித்துவிடுகின்றன. அசிட்டோன் கலந்தால் பிடிக்கும் கைகள் குறைந்து அயனிக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, அந்த அவகாசத்தில் குளோரைடே மறுபக்கமாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளலாம். அப்போது ஆல்கஹாலாக மாறாமல் மிஞ்சியிருக்கும் குளோரைடே சுழிமாய் ஆகத் தொடங்குகிறது, அதிலிருந்து பிறகு உண்டாகும் ஆல்கஹாலும் அந்தக் குறையோடுதான் பிறக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த இணைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா? 1950களில் சால் வின்ஸ்டைன், ஒட்டி நிற்கும் இணை, இடையே கரைப்பான் புகுந்த இணை, தனித்த அயனிகள் என்று மூன்று படிகளை முன்வைத்தார். அடுத்த பத்தாண்டில் ஹார்லன் கோரிங் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. அவர் எடுத்துக்கொண்டது பாரா-நைட்ரோபென்சோயேட் எஸ்டர் ஒன்று. இதில் விலகும் தொகுதிக்கு இரண்டு ஆக்சிஜன்கள் உண்டு. ஒன்று கார்பனோடு பிணைந்திருக்கும், மற்றொன்று சும்மா இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் கனமான ஆக்சிஜன்-18 கொண்டு அடையாளமிட்டார். தொகுதி பிரிந்து மீண்டும் வந்து சேர்ந்தால் இரண்டு ஆக்சிஜன்களும் இடம் மாறிக்கொள்ள வாய்ப்புண்டு. வினைப்படாமல் மிஞ்சிய எஸ்டரை அவ்வப்போது எடுத்துப் பார்த்தபோது, ஒளிச்சுழற்சி குறைவதைவிட ஆக்சிஜன்கள் இடம் மாறுவது வேகமாக நடந்திருந்தது. அதாவது பிரிந்தவை பல முறை அதே பக்கத்திலேயே, கை மாறாமல், திரும்பச் சேர்ந்திருக்கின்றன. சோடியம் அசைடு சேர்த்தபோது சுழிமாயாதல் நின்றுபோனது, ஆக்சிஜன் இடமாற்றமோ நிற்கவில்லை. அசைடு பிடித்தது தளர்ந்த இணையைத்தான், இறுக்கமான இணைக்குள் அதனால் புக முடியவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எளிதில் அமையாது.

இத்தகைய அளவீடுகளில் ஏமாறுவதும் சுலபம். தூய 1-ஃபீனைல்எத்தனாலின் நியமச் சுழற்சி ஏறத்தாழ 45 பாகை. 2 சதவீத மிகுதி என்றால் அதில் ஒரு பாகைகூட வராது. மாறாத குளோரைடு துளி மிஞ்சினாலும் அதுவும் ஒளியைத் திருப்பிக் கணக்கைக் கெடுக்கும். வினையில் உண்டாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்காமல் விட்டால், அது உருவான ஆல்கஹாலையே மெல்லச் சுழிமாய் ஆக்கிவிடும்.

கரைப்பானும் வேடம் போடும். 2-ஆக்டைல் சல்ஃபோனேட் எஸ்டரை நீரும் டையாக்சேனும் கலந்த கரைசலில் வினைப்படுத்தினால் பகுதி சுழிமாயாதல் தெரியும். பார்ப்பவர் தனித்த கார்பன் அயனியைச் சந்தேகிப்பார். 1965இல் வைனரும் ஸ்னீனும் காட்டியது வேறு. டையாக்சேனின் ஆக்சிஜன் முதலில் பின்பக்கமாக வந்து ஒட்டுகிறது, பிறகு நீர் அதற்குப் பின்பக்கமாக வந்து அதைத் தள்ளுகிறது. இருமுறை தலைகீழானால் பழைய அமைப்பே திரும்பி வரும். கொஞ்சம் அசைடைச் சேர்த்தபோது டையாக்சேன் ஒட்டிய இடைப்பொருளை அசைடு பிடித்துக்கொண்டது, எஞ்சிய ஆல்கஹால் முழுவதும் தலைகீழானதாகவே கிடைத்தது.