ஜன்னல் ஓட்டைக்கும் கூலி உண்டா?

எங்கள் வீட்டுக் கட்டுவேலையில் மேஸ்திரியோடு வந்த ஒரே சண்டை ஜன்னலால் வந்தது. கன அடிக்கு 50 ரூபாய் கூலி என்று வாயால் பேசியிருந்தோம். லிண்டல் மட்டம் தாண்டியதும் டேப்பைப் பிடித்தவர், கதவையும் ஜன்னலையும் சேர்த்தே அளந்தார். “ஓட்டையக் கழிக்க மாட்டோம் சார். அந்த ஓரத்தத் தூக்குக்குண்டு பார்த்துக் கட்டுறதுலதான் பாதி நாள் போகுது” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கணக்குத்தான் இடித்தது.

20 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முக்கால் அடி கனத்தோடு பெருக்கினால் 150 கன அடி. அதில் மூன்றரைக்கு ஏழடிக் கதவும், நாலுக்கு நாலு ஜன்னலும் இருந்தால் ஏறக்குறைய 30 கன அடி கழியும், மிச்சம் 120. கழித்து அளந்து 50 ரூபாய் கொடுத்தாலும், கழிக்காமல் 40 கொடுத்தாலும் கூலி 6,000 ரூபாய்தான். 50 ரூபாய் ரேட்டுக்குக் கழிக்காத அளவைப் போட்டால் 7,500 ஆகிவிடும்.

ஆகவே வேலை உத்தரவில் ரேட்டையும் அளவு முறையையும் ஒரே வரியில் எழுதுங்கள்: “9 அங்குலச் சுவர், திறப்புகள் கழித்து, பூச்சுக் கனம் சேராமல், கன அடிக்கு இவ்வளவு.” இந்திய அளவீட்டுத் தரமான ஐ.எஸ். 1200, ஒரு சதுர அடி அளவுக்குள் அடங்கும் சிறு ஓட்டைகளைக் கழிப்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர அடிக் கணக்கு, தனி ரேட். மூலைகளை மறக்காதீர்கள். சந்திக்கும் இரண்டு சுவரையும் வெளிப்பக்கமாக அளந்தால், 10 அடி உயர மூலை ஒவ்வொன்றிலும் ஐந்தரை கன அடிக்கு மேல் இரண்டு தடவை ஏறும்.

செங்கல், சிமென்ட், மணல் வீட்டுக்காரர் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். தகராறு சில்லறையில் வரும். சாரக் கட்டைக்கு வாடகை யார் தருவது? கல்லை மாடிக்கு ஏற்றும் கூலி ரேட்டில் அடக்கமா? கல்லை நனைப்பதும், கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவதும் யார் வேலை? தண்ணீர் விடுவதை எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சுவர் காய்ந்து கிடக்கும். அரைக்கல்லை உடைத்து வீணாக்காமல் இருக்க, உடைந்ததைப் பயன்படுத்தியபின்பே புதுக் கல்லை எடுக்க வேண்டும் என்றும் எழுதினோம்.

பணத்தைப் பொறுத்தவரை, சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பில் வரும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது. அதனால் வாராவாரம் முன்பணம், லிண்டல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் இருவரும் சேர்ந்து அளந்து கழிப்பது என்று வைத்துக்கொண்டோம். முன்பணம், முடிந்த வேலையின் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது. பத்தில் ஒரு பங்கு பூச்சுவேலை முடியும்வரை நம்மிடம் நிற்கும். சுவர் தூக்கு விட்டிருந்தால் பூச்சுக் கனம் கூடும்போதுதான் அது வெளியே தெரியும். பில் நோட்டில் அளவு எழுதிய பக்கம் ஒவ்வொன்றிலும் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.