போன மாத முதல் விளம்பரம் ஏன் சறுக்குகிறது?

ஒரு கடை இணையத்தில் 20 விளம்பரங்களை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 1,000 பேர் பார்க்கிறார்கள். எல்லாமே ஒரே தரம். நூற்றுக்கு இரண்டு பேரைச் சொடுக்க வைப்பவை. அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் சரியாக 20 சொடுக்கு விழுமா? விழாது. தற்செயலாக ஒன்றுக்கு 13, இன்னொன்றுக்கு 24 என்று சிதறும். இருபதில் முதலிடம் பிடிப்பது ஏறக்குறைய 28-ஐத் தொட்டுவிடும். முதலாளி அதன்மேல் பணத்தைக் கொட்டுவார். அடுத்த மாதம் அது 20-க்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும். "ஜனங்களுக்குச் சலித்துப் போச்சு" என்பார்கள். சலிப்பும் உண்டுதான், ஆனால் இந்தச் சரிவுக்கு அது தேவையே இல்லை.

நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி நகர்வதைப் பற்றி 1886-இல் பிரான்சிஸ் கால்டன் எழுதினார். சராசரிக்குத் திரும்புதல் என்பது இதுதான்.

நிஜத்தில் விளம்பரங்களுக்குள் தர வேறுபாடும் இருக்கும். அதனால் முதலாவது வந்தது முழுக்க விழாமல் நடுவழியில் நிற்கலாம். அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? கடைசியில் நின்ற விளம்பரங்களையும் நிறுத்தாமல் இன்னொரு மாதம் ஓடவிட்டுப் பாருங்கள். கை வைக்காமலே அவை ஏறினால், முதலாவது இறங்கியதற்குச் சலிப்பை மட்டும் குறை சொல்ல முடியாது.