போதிகையில் ஒளிந்திருக்கும் நூற்றாண்டு

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுக்குள் நுழைகிறவர்கள், கண்ணில் படுகிற எல்லாவற்றையும் ராஜராஜன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் விமானம் அவன் கட்டியதுதான். 1010-இல் அதன் உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்ததை அவனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆனால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தியின் மண்டபம் நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதி 13-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில் எழுந்தது. வடமேற்கு மூலையில் இருக்கும் முருகன் சன்னதியும் நாயக்கர் கொடை. ஒரே முற்றத்தில் அறுநூறு ஆண்டுகள் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

இதைக் கண்டுகொள்ளக் கல்வெட்டு படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. எந்தக் கல்லைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

அந்தக் கல்லை முறையாகச் சுட்டிக்காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த கபிரியேல் ழூவோ துப்ரேய், ஆண்டு தெரிந்த கோயில்களை வரிசைப்படுத்தி, அவற்றின் உறுப்புகள் காலப்போக்கில் எப்படி வடிவம் மாறின என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டார். தெரியாத சொற்களைச் சிற்பிகளிடமே கேட்டு அறிந்தார். 1914-இல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அவர் சொன்ன அடிப்படை இன்றும் நிற்கிறது: பெரிய சிலைகளை விட்டுவிட்டு, சின்ன உறுப்புகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் முதன்மையானது போதிகை.

தூணின் தலையில் தட்டையான பலகை ஒன்று இருக்கும். அதற்கு மேலே, உத்திரத்தை ஏந்துவதற்காக இருபுறமும் கை நீட்டியபடி அமர்ந்திருக்கும் கல்தான் போதிகை. கருங்கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் சுமக்கும். ஆனால் உத்திரமாக நீளக் கிடக்கும்போது நடுவில் விரிசல் விட்டுவிடும். இரு தூண்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைக் குறைத்து உத்திரத்தைக் காப்பாற்றவே போதிகை வைத்தார்கள். அதனால் எந்தக் காலத்துக் கோயிலும் அது இல்லாமல் இல்லை. சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களில்கூட, பாரம் தாங்கும் தேவை அவ்வளவு இல்லாவிட்டாலும், அதன் உருவத்தைச் செதுக்கினார்கள்.

காலம் சொல்ல அது நல்ல சாட்சி என்பதற்குக் காரணம் உண்டு. தெய்வ உருவத்துக்கு இலக்கணம் இருக்கிறது. முந்நூறு ஆண்டு கழித்தும் அதே அமைதியில் இன்னொன்றைச் செதுக்க முடியும். போதிகையையோ சிற்பி தன் பட்டறையின் பழக்கப்படி, ஒரே நாளைப் போல வரிசையாக வெட்டிக்கொண்டே போகிறான். கை பழகிய வடிவம்தான் வரும். பிறகு அதன் மேல் உத்திரமும் கூரையும் ஏறிவிடுவதால், மண்டபத்தையே பிரிக்காமல் அதை மட்டும் யாரும் மாற்றிவைக்க முடியாது.

பல்லவர் காலத்தில் போதிகையின் கீழ்விளிம்பு வளைவாக இருக்கும். அந்த வளைவில் பெரும்பாலும் சுருள் சுருளாக அலைகள் ஓடும். அலைகளின் நடுவே ஒரு பட்டை. இதைத் தரங்கப் போதிகை என்பார்கள். முற்காலச் சோழர் கோயில்களிலும் இந்த அலை தொடர்கிறது. ஆகவே அலையை மட்டும் வைத்துப் பல்லவர் என்று முடிவு கட்டக் கூடாது. தூணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகை போன்றவற்றில் தூண்கள் தடித்தவை. மேலும் கீழும் சதுரம், நடுவில் மட்டும் எட்டுப் பட்டை. நூறு ஆண்டுக்குள் காஞ்சி கைலாசநாதர் கோயிலில், பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் தூணின் அடியில் வந்துவிடுகின்றன.

சோழர் ஆட்சி வலுப்பெற்று 1000-ஆம் ஆண்டை நெருங்கும்போது வளைவு மறைகிறது. போதிகையின் முனை சாய்வாக, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் வெட்டிவிட்டதுபோல் ஆகிறது. அந்த வெட்டின் நடுவில் கூரான துண்டு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அலங்காரம் ஏதும் இல்லை. இது வெட்டுப் போதிகை. பெரிய கோயில் விமானத்தின் வெளிச்சுவரில், அரைத்தூண்களின் தலையில் இதைப் பார்க்கலாம்.

இனி நடப்பதுதான் சுவையானது. அந்த நடுத்துண்டு அடுத்த நானூறு ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பூவாக மலர்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அதன் விளிம்பு நெளியத் தொடங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் கோயில்களில், முனை கீழ்நோக்கி வளைந்து மொட்டின் சாயலைப் பெறுகிறது. விஜயநகர காலத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. வளைந்த காம்பின் நுனியில் தாமரை மொட்டு ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. நாயக்கர் காலத்தில் அந்த மொட்டு இன்னும் நீண்டு, வாழைப்பூ போலக் கூம்பி இறங்குகிறது. மதுரை புதுமண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வாழைப்பூ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று விளங்கும். பூ வைத்த இந்த வகைக்குப் புஷ்பப் போதிகை என்று பெயர்.

ஆக, புதிதாகப் பார்க்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: போதிகையில் பூ தொங்குகிறதா? நன்றாகத் தொங்கினால் அந்தக் கட்டடப் பகுதி 14-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூவே இல்லாமல் சாய்வெட்டு மட்டும் இருந்தால் சோழர் காலத்தை நினைக்கலாம்.

இரண்டாவது சாட்சி வளைவு. தமிழகக் கோயில்களில் பாரம் தாங்கும் வளைவுகள் கிடையாது; எல்லாமே தூணும் உத்திரமும்தான். ஆனால் அலங்காரமாக ஒரு வளைவு எங்கும் உண்டு. சுவருக்கு மேலே வெளியே வளைந்து நீட்டியிருக்கும் கபோதத்தில் இடைவெளி விட்டு விட்டுச் செதுக்கியிருக்கும் குதிரைலாட வடிவ வளைவு அது. அதன் பெயர் கூடு. மரத்தாலும் ஓலையாலும் வேய்ந்த வளைந்த கூரையின் முகப்புதான் அதன் மூல உருவம். பீகாரின் பராபர் குன்றில் உள்ள மௌரியர் காலக் குகை வாயிலிலேயே அந்த மர முகப்பைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

பல்லவர் கூட்டுக்குள் பெரும்பாலும் ஒரு முகம் எட்டிப்பார்க்கும். மாமல்லபுரம் தர்மராஜ ரதத்தில் அத்தகைய முகங்களைக் காணலாம். வளைவின் உச்சியில் மண்வெட்டியின் தகடு போன்ற தட்டையான முடி இருக்கும். சோழர் காலத்தில் அந்தத் தகடு போய், சிங்கமுகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வளைவின் இரு பக்கமும் கொடிச்சுருள்கள் பெருகுகின்றன. விஜயநகர காலத்துக்கு வரும்போது கூடு தன் கூரை நினைவை இழந்து, வட்டமான ஒரு அலங்கார வில்லையாகத் தட்டையாகிவிடுகிறது. உள்ளே இருந்து பார்ப்பதற்கு யாரும் இல்லை.

போதிகையும் கூடும் ஒரே நூற்றாண்டைச் சொன்னால் ஊகம் உறுதிப்படும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால், தூணின் கீழ்ச்சதுரம் எட்டுப் பட்டையாக மாறும் இடத்தில் நான்கு மூலைகளையும் பார்க்கலாம். படமெடுத்த பாம்பு போல எழும் அந்த மூலைக்கு நாகபந்தம் என்று பெயர். முற்காலக் கோயில்களில் அது இருக்காது. பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்தில் சிறிதாக முளைத்து, விஜயநகரத் தூண்களில் தெளிவான படமாக விரிகிறது. தூணோடு சேர்ந்த ஒரே கல்லில் பாயும் யாளியும் குதிரை வீரனும் இருந்தால் தயக்கமே வேண்டாம். வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் போல அது விஜயநகரத்தின் பிற்பகுதி அல்லது நாயக்கர் காலம்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய, உண்மையிலேயே பாரம் தாங்கும் வளைவுகள் தனிக் கதை. விளிம்பில் இதழ் இதழாக மடிந்த பெரிய வளைவுகளை மதுரை திருமலை நாயக்கர் மகாலில் பார்க்கலாம். அது 1636-இல் கட்டியது. கோயிலுக்குள் இப்படி ஒரு வளைவு தென்பட்டால், அது மூலக் கோயிலோடு பிறந்ததாக இருக்க இயலாது.

பார்க்கிற வரிசையும் முக்கியம். கருவறையின் வெளிச்சுவரில் தொடங்கி, அர்த்தமண்டபம், முன்மண்டபம், திருச்சுற்று, கோபுரம் என்று வெளியே வர வேண்டும். பொதுவாக உள்ளே இருப்பது பழையது. ஒவ்வொரு ஆட்சியும் வெளிப்புறத்தில் சேர்த்துக்கொண்டே போனது. இடம் மாற மாறப் போதிகை மாறுகிறதா என்று கவனித்தால், எங்கே ஒரு காலம் முடிந்து அடுத்தது தொட்டது என்பது தெரியும். பெரிய கோயிலில் விமானத்தின் வெட்டுப் போதிகையைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, நாற்பது அடி நடந்து முருகன் சன்னதிச் சுவருக்கு வரலாம். விமானத்தில் அரைத்தூண்களுக்கு இடையே வெற்றுச் சுவர் பரந்து கிடக்கும். சிற்பமும் இருக்கும், ஓய்வும் இருக்கும். முருகன் சன்னதியிலோ விரல் வைக்க வெற்றிடம் கிடையாது. தூண், பலகை, கபோதம் எல்லாம் மெலிந்து, நகைவேலை போல நுணுகியிருக்கும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் மழுங்கிவிடும்.

இந்த முறை ஏமாற்றும் இடங்களும் உண்டு. கோபுரத்திலும் விமானத்தின் மேல்தளங்களிலும் உள்ள சுதை உருவங்களைச் சாட்சியாகக் கொள்ளவே கூடாது. குடமுழுக்குத் தோறும் அவை புதுப்பிக்கப்படுகின்றன. கல் தொடங்கும் இடத்துக்குக் கீழேதான் பார்வை இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பல பழைய தலங்களைப் பிரித்து முழுக்கக் கருங்கல்லில் புதிதாகக் கட்டினார்கள். பாடல் பெற்ற தலம் என்பதால் கட்டடமும் அப்பர் காலத்தது என்று எண்ணிவிட முடியாது. பளபளக்கும் தூணும் இயந்திரம் தொட்டதுபோல் சீரான போதிகையும் உண்மையைச் சொல்லிவிடும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த சுவர்களில் கூட்டின் முகங்களே அழிந்துபோயிருக்கின்றன. அந்த இழப்பைச் சரிசெய்ய வழியே இல்லை. சிற்றூர்ச் சிற்பிகள் தலைநகரில் வழக்கொழிந்த வடிவத்தை இரண்டு தலைமுறை கழித்தும் செதுக்கியிருப்பார்கள் என்பதால், இந்த முறையில் ஆண்டு கிடைக்காது. நூறு ஆண்டு அகலமுள்ள ஓர் ஊகமே கிடைக்கும்.

கல்வெட்டும் எப்போதும் இறுதித் தீர்ப்பு அல்ல. திருமழபாடியில் ராஜராஜன் பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த எழுத்துகளை முதலில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. அந்தச் சுவரில் எழுத்து ஒரு காலத்தைச் சொல்லும். அதைத் தாங்கும் கல் அதற்குப் பிந்தைய காலத்தது. அங்கே சுவரின் வயதைக் கேட்கிறவர் எழுத்திலிருந்து கண்ணை எடுத்து, அரைத்தூணின் தலையைப் பார்க்க வேண்டியிருக்கும்.