தினம் 140 கிலோமீட்டர்: எந்தக் கார், எந்தச் சீட்?

காஞ்சிபுரத்தில் வீடு, கிண்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். போக 70, வர 70 கிலோமீட்டர். மாதம் 25 நாள் போய்வந்தால் 3,500 கிலோமீட்டர் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலையும் சேர்த்தால் தினமும் நான்கு மணி நேரம் ஓட்டுநர் சீட்டில்தான். இப்படிப் போகிறவர் கார் வாங்கும்போது முதலில் மைலேஜைக் கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

விளம்பரத்தில் வரும் மைலேஜை விட்டுவிட்டு, சாலையில் கிடைக்கக்கூடியதை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு நடுத்தரப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 17.5 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 200 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 20,000 ரூபாய். டீசல் கார் 20 கிலோமீட்டர் கொடுத்து, லிட்டர் 92 ரூபாயாக இருந்தால் 16,100. சிஎன்ஜி கிலோவுக்கு 25 கிலோமீட்டர், விலை 90 ரூபாய் என்றால் 12,600. சிஎன்ஜி காருக்கு 95,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் பதின்மூன்று மாதத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். டீசலுக்கு 1,25,000 கூடுதல் என்றால் மூன்று வருடத்துக்குள் திரும்பும். வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்தால் மின்சாரக் காரை எதுவும் நெருங்க முடியாது. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 5,000தான். ஆனால் அதன் விலை அதிகம். அடுக்குமாடியில் இருப்பவருக்குச் சார்ஜ் போடும் இடம் கிடைப்பதே பெரும்பாடு.

காகிதத்தில் பார்த்தால் சிஎன்ஜி ஜெயித்துவிட்டது. சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. பல மாடல்களில் சிஎன்ஜி கீழ்நிலை, நடுநிலை வேரியன்ட்டுகளில்தான் கிடைக்கிறது, அதிலும் பெரும்பாலும் கையால் கியர் போடும் வண்டியாக. சீட்டின் உயரத்தை மாற்றும் நெம்புகோலும், ஸ்டீயரிங்கை நம் பக்கம் இழுக்கும் வசதியும் பெரும்பாலும் மேல் வேரியன்ட்டில்தான் இருக்கும். கீழ் வேரியன்ட்டில் ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும் நகரும்.

இது ஏதோ சொகுசு சமாச்சாரம் என்று தோன்றும். இல்லை. உயரமான ஒருவர் உட்காருகிறார். காலுக்கு ஏற்றபடி சீட்டைப் பின்னால் தள்ளினால் ஸ்டீயரிங் எட்டாது. கைக்கு ஏற்றபடி முன்னால் இழுத்தால் முட்டி மேலே தூக்கிக்கொள்ளும், தொடை சீட்டைத் தொடாது. அப்போது உடம்பின் பாரம் முழுக்க இடுப்பெலும்பில் இறங்குகிறது, கீழ்முதுகு வெளிப்பக்கமாக வளைகிறது. ஷோரூமில் தரும் பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியாது. முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகுதான் தெரியும்.

ஆகவே தினமும் போடும் அதே ஷூவுடன் போய் உட்காருங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு பக்க இடுப்பை அது தூக்கும். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் இடது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். சீட்டின் முன்விளிம்புக்கும் முட்டிக்குப் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் தொடைக்குத் தாங்கல் போதாது. அடுத்து, தோள் சாய்மானத்தை விட்டு விலகாமல் கையை நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் மெத்தென்று அமுங்கும் சீட்டை நான் நம்புவதில்லை. சற்று விறைப்பான பஞ்சுதான் நான்கு மணி நேரத்துக்குத் தாங்கும்.

ஒத்துவராத சீட்டை உடம்பே காட்டிக்கொடுக்கும். அடிக்கடி இடுப்பை நகர்த்தி உட்கார்ந்தால் கீழ்முதுகுக்குத் தாங்கல் இல்லை என்று பொருள். அதற்கு ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் உயரத்தில் வைத்தாலே ஓரளவு சரியாகும். தோள் கடுத்தால் ஸ்டீயரிங் எட்டத்தில் இருக்கிறது. கால் மரத்தால் சீட்டின் முன்விளிம்பு தொடையை அழுத்துகிறது. இந்த இரண்டையும் துண்டு சரிசெய்யாது. தடிமனான சீட் கவரும் உதவாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியில், அதற்கென்று தைக்காத கவர் ஏர்பேக் விரிவதையே தடுக்கலாம்.

காஞ்சிபுரத்துக்காரரிடம் திரும்புவோம். சிஎன்ஜி வண்டியில் மணிக்கட்டுச் சோதனை தேறினால் யோசிக்காமல் அதையே வாங்கலாம். தேறாவிட்டால், ஸ்டீயரிங்கை இழுத்து வைக்க முடிகிற டீசல் மேல் வேரியன்ட்டுக்கு மாதம் 3,500 ரூபாய் எரிபொருள் கூடும், வாங்கும் விலையும் கூடும். தினமும் நான்கு மணி நேரம் உட்கார வேண்டிய முதுகுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அதே மாடலை, முடிந்தால் அதே வேரியன்ட்டை, ஒரு வேலை நாளுக்கு வாடகைக்கு எடுத்து, காலை நெரிசலில் கிண்டிக்குப் போய் மாலையில் திரும்பி வாருங்கள். வாடகை அதிகம்போனால் சில ஆயிரம்தான்.