வரவெல்லாம் வருமானமா?

ஒரு வீட்டின் மாதக் கணக்கு நோட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரவுப் பக்கத்தில் சம்பளம் 28,000 ரூபாய், நகையை அடகு வைத்து வாங்கியது 20,000 ரூபாய். ஆக, வரவு 48,000. செலவு 31,000. மீதி 17,000 என்று கீழே கோடு போட்டு எழுதியாகிவிட்டது. கூட்டலிலும் கழித்தலிலும் பிழையில்லை. ஆனாலும் அந்த மாதம் அந்த வீட்டுக்கு 3,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கிறது. கையில் இருக்கும் 17,000 ரூபாய், அடகுப் பணத்தில் இன்னும் செலவாகாமல் கிடக்கும் பங்குதான்.

குழப்பம் ‘வரவு’ என்ற சொல்லில் தொடங்குகிறது. கணக்கு எழுதும் முறைப்படி, கைக்கு வந்த எந்தப் பணமும் வரவுதான்; கடனும் அதில் சேரும். வருமானம் என்பது திருப்பித் தர வேண்டாத பணம். குடும்ப பட்ஜெட் பற்றிய புத்தகங்களில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்து போகும். எழுதியவருக்கு வேறுபாடு தெரியும். படிப்பவருக்குத் தெரிய வேண்டுமானால், புத்தகத்தின் கடைசியில் ஒரு சிறிய சொற்பட்டியல் வேண்டும்.

இப்படிப் பட்டியல் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கடினமான சொற்களைத்தான் முதலில் பொறுக்குவார்கள். ‘பணவீக்கம்’, ‘நிகர மதிப்பு’ போன்றவை உடனே இடம்பிடித்துவிடும். ‘வரவு’, ‘பற்று’, ‘மிச்சம்’ எல்லாம் யாருக்குத்தான் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். இது தலைகீழான வேலை. தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்று யாரையாவது கேட்பார். தெரிந்ததாக நினைக்கும் சொல்லைத் தாண்டிப் போய்விடுவார். நோட்டில் தவறு விழுவது அங்கேதான்.

‘பற்று’ நல்ல உதாரணம். மளிகைக் கடையில் பற்று என்றால் கடனுக்கு வாங்கிய சரக்கு. மாதக் கடைசியில் தீர்க்க வேண்டியது. வங்கிப் புத்தகத்தில் பற்று என்றால் கணக்கிலிருந்து ஏற்கெனவே போய்விட்ட பணம். கடைப் பற்று 2,500 என்றால் இனிமேல்தான் கொடுக்க வேண்டும்; வங்கிப் பற்று 2,500 என்றால் கொடுத்து முடிந்தது. ஒரே வரியில் இரண்டையும் அடக்க முயன்றால் இரண்டுமே கெடும். இதுபோன்ற சொல்லைப் பட்டியலில் இரண்டு முறை எழுதுவதே வழி: ‘பற்று (கடையில்)’, ‘பற்று (வங்கியில்)’.

எழுதிய பொருள் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. புத்தகத்தில் அந்தச் சொல் வரும் வாக்கியத்தை எடுத்து, சொல் இருந்த இடத்தில் பொருளை வைத்துப் படிக்க வேண்டும். ‘சேமிப்பு’ என்பதற்கு ‘செலவு போக மிஞ்சும் பணம்’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். புத்தகமோ ‘சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வையுங்கள்’ என்கிறது. பொருளைப் பொருத்தினால், ‘சம்பளம் வந்த அன்றே செலவு போக மிஞ்சும் பணத்தை எடுத்து வையுங்கள்’ என்று ஆகும். முதல் தேதியில் மிஞ்சியது எது என்று யாருக்குத் தெரியும்? பொருள் தவறிவிட்டது. ‘செலவு தொடங்கும் முன்பே எடுத்து வைக்கும் பணம்’ என்று திருத்தினால் வாக்கியம் நிற்கும். மாதக் கடைசியில் மிஞ்சுவதற்கு ‘மிச்சம்’ என்ற தனிச் சொல் இருக்கவே இருக்கிறது.

சுற்றி வரும் பொருளையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பட்ஜெட் என்றால் வரவுசெலவுத் திட்டம், வரவுசெலவுத் திட்டம் என்றால் பட்ஜெட் என்று எழுதினால் வாசகர் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார். (பட்ஜெட் என்ற சொல்லின் வேர், தோல் பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். சுவையான செய்திதான், ஆனால் ஒரு வரிப் பொருளில் அதற்கு இடமில்லை.) பழந்தமிழ் இதில் கெட்டி. குறளின் வலியறிதல் அதிகாரத்தில் வரும் ‘ஆகாறு’, ‘போகாறு’ என்ற சொற்கள் பொருள் வரும் வழியையும் போகும் வழியையும் சொல்கின்றன. ஆறு என்றால் வழி என்று தெரிந்தால் போதும், அகராதியே வேண்டாம்.

சில சொற்களுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால்தான் பொருளே பிறக்கும். ‘மாதச் செலவு’ அப்படிப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. மின்கட்டணம் 1,800 ரூபாய், சொத்துவரி 2,400 ரூபாய், பிள்ளையின் ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாய் என்றால், மாதத்துக்கு முறையே 900, 400, 2,000. ஆக 3,300 ரூபாய், எந்த பில்லும் வராத மாதத்திலும் செலவாகவே எழுதப்பட வேண்டும். அதற்கு ‘ஒதுக்கு’ என்று பெயர் வைத்தால், ‘எப்போதாவது வரும் பெரிய செலவுக்காக மாதாமாதம் தனியே வைக்கும் பங்கு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இந்தச் சொல் இல்லாத நோட்டில் ஏப்ரலும் மேயும் செழிப்பாகத் தெரியும். ஜூனில் பள்ளி திறந்ததும் கடன் வாங்க ஓட வேண்டியிருக்கும்.

ஒரு வரிக்குள் அடங்க அதிகம் முரண்டு பிடிப்பது ‘வட்டி’. ‘கடன் பணத்தைப் பயன்படுத்தக் கொடுக்கும் கூலி’ என்பது அழகான பொருள், ஆனால் போதாது. எந்தத் தொகைக்கு வட்டி என்பதை அது சொல்லவில்லை. 12,000 ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை. முழுத் தொகைக்கும் ஆண்டு முழுக்க வட்டி போட்டால் 1,440 ரூபாய், தவணை 1,120. கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் தவணை ஏறக்குறைய 1,066. வட்டி மொத்தம் 795 ரூபாய்க்குள். பெயர் இரண்டுக்கும் 12 சதவீதம்தான். முதல் கடனைக் குறையும் பாக்கி முறையில் அளந்தால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம். எனவே பட்டியலில் ‘வட்டி’யை அடுத்து இரண்டு சொற்கள் வந்தே ஆக வேண்டும்.

இப்படிச் சலித்த பட்டியலின் ஒரு பகுதி:

வரவு: கடன் உட்பட, கைக்கு வந்த எல்லாப் பணமும்.
வருமானம்: திருப்பித் தர வேண்டாத வரவு.
துண்டு: வருமானத்தைத் தாண்டிப் போன செலவுத் தொகை.
நிலையான வட்டி: கட்டிய தவணையைக் கழிக்காமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடும் வட்டி.
குறையும் வட்டி: இன்னும் பாக்கி உள்ள தொகைக்கு மட்டும் போடும் வட்டி.

இதில் ‘நிலையான வட்டி’யிடம் எச்சரிக்கை தேவை. வீட்டுக்கடன் பேச்சில் அதே பெயர், காலம் முழுக்க மாறாத விகிதத்தைக் குறிக்கும். பட்டியல் போடுபவர் ‘முழுத்தொகை வட்டி’ என்று மாற்றிவிடுவது நல்லது.

ஒரு சொல் பாக்கி: ‘ஆண்டுச் சதவீத விகிதம்’. வட்டியோடு, கடனுக்காக வசூலிக்கும் மற்ற கட்டணங்களையும் சேர்த்து, கடனின் ஓராண்டு விலையைச் சொல்லும் எண் அது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் தவணைக் கடன்களில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த எண் உள்ள முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.