பத்து யூரோவுக்கு ஒரு பதிவுக் கடிதம்

பிரான்ஸில் இணைய இணைப்புக்கான கட்டணம் பெரும்பாலும் மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பில்லில் தவறு இருந்தால், வாடிக்கையாளர் அதைக் கவனிக்கும் முன்பே பணம் போயிருக்கும். தொலைபேசியில் சொன்னால் சரிசெய்வதாக வாக்குக் கொடுப்பார்கள். அடுத்த மாதம் அதே தவறு திரும்ப வரும்போதுதான் பிரெஞ்சுக்காரர்கள் பேனாவை எடுக்கிறார்கள். அவர்கள் எழுதும் புகார்க் கடிதத்துக்கு நன்கு பண்பட்ட ஓர் அமைப்பு உண்டு. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

லியோன் நகரில் ஒருவர் மாதம் 29.99 யூரோவுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி பில் 39.99 யூரோ. அவர் கேட்காத தொலைக்காட்சித் தொகுப்பு ஒன்று 10 யூரோவுக்குச் சேர்ந்திருக்கிறது. தொலைபேசியில் முறையிட்ட பின், பிப்ரவரி பில்லில் 10 யூரோ வரவு வைக்கப்பட்டு, 29.99 மட்டுமே பிடிக்கப்படுகிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மறுபடி 39.99. என்ன நடந்தது? பிப்ரவரி பில்லை வரிவரியாகப் படித்தால் தெரியும்: அந்தத் தொகுப்பு அந்த மாதமும் பில்லில் இருந்தது. ஜனவரிப் பணத்தைத் திருப்பித் தந்ததுபோல் தோன்றிய வரவு, பிப்ரவரியின் தவறை மறைத்துவிட்டது. நான்கு மாதமும் கூடுதலாகப் போட்டது 40 யூரோ, திரும்ப வந்தது 10, இன்னும் வரவேண்டியது 30. திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பணத்தை மட்டும் திருப்பிக் கேட்டால், மே மாதமும் அதே பில் வரும். ஆகவே கடிதத்தின் கோரிக்கை இரண்டு: 30 யூரோவைத் திருப்பித் தருவது, அந்தத் தொகுப்பைக் கணக்கிலிருந்தே நீக்குவது.

கடிதத்தின் இடது மேல்மூலையில் அனுப்புநர் முகவரி, அதற்குக் கீழே வலப்புறம் பெறுநர் முகவரி, பிறகு ஊரும் தேதியும். பொருள் வரியில் வாடிக்கையாளர் எண்ணும் நான்கு பில்களின் எண்களும் வரும். இந்த எண்கள் இல்லாவிட்டால் கடிதம் உரிய மேசைக்குப் போய்ச் சேராது. பெயர் தெரியாத அதிகாரிக்கு ‘மதாம், மெஸ்யூ’ என்று இருபாலரையும் விளிப்பது வழக்கம்.

முதல் பத்தியில் நடந்தது மட்டும், தேதி வரிசையில். தொலைபேசியில் பேசிய நாளும் அங்கே கொடுத்த வாக்கும் இதில் அடங்கும். அடுத்த பத்தி ஒப்பந்தத்தையும் பில்லையும் அருகருகே வைக்கிறது. கடனில்லாமல் பெற்ற பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லும் சிவில் சட்டத்தொகுப்பின் 1302ஆம் பிரிவை இங்கே ஒரு வரியில் குறிப்பிடலாம். கடைசிப் பத்தியில் கோரிக்கையும் கெடுவும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் என்பது வழக்கமான கெடு. “விரைவில்” என்று எழுதினால் எந்த நாளில் கெடு முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மரியாதை வாசகங்கள் எங்கும் குறையக்கூடாது. ‘ஏமாற்று’, ‘கொள்ளை’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. “அந்தத் தொகையைத் திருப்பித் தந்தால் நன்றியுடையவனாவேன்” என்று கேட்டு, “என் மதிப்பார்ந்த வணக்கங்களை ஏற்றருள வேண்டுகிறேன்” என்ற பொருளுடைய நீண்ட வாக்கியத்தோடு முடிப்பார்கள். இந்தப் பணிவுக்கு நடைமுறைக் காரணம் உண்டு என்பது என் கருத்து. இன்று இதை ஒரு எழுத்தர் படிக்கிறார். விவகாரம் முற்றினால் நடுவரும் நீதிபதியும் படிப்பார்கள். அவர்கள் முன் குற்றச்சாட்டுச் சொற்களை நிரூபிக்க வேண்டிவரும். தேதிகளையும் தொகைகளையும் பில்களே நிரூபித்துவிடும்.

கடிதம் பெற்றுக்கொண்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும் பதிவுத் தபாலில் போக வேண்டும். பில்களின் நகல்களை மட்டும் இணைப்பார்கள். மூலங்கள் வீட்டில் இருக்கும். கெடு தாண்டினால் அடுத்த கடிதம் ‘மீஸ் ஆன் தெமுர்’, அதாவது முறையான இறுதி அறிவிப்பு. அந்தச் சொற்கள் கடிதத்திலேயே இருக்க வேண்டும். பணம் தரவேண்டியவர் மீது அந்த நாள் முதல் சட்டப்படியான வட்டி ஓடும்.

அதன் பிறகும் பலனில்லையென்றால் தொலைத்தொடர்புத் துறைக்கான நடுவரிடம் போகலாம். நுகர்வோருக்குக் கட்டணமில்லை. ஆனால் நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும், அதிலிருந்து ஓராண்டுக்குள் நடுவரை அணுகவும் வேண்டும். நடுவர் சொல்லும் தீர்வை இரு தரப்பும் மறுக்கலாம் என்பது இந்த வழியின் எல்லை. மறுத்தால் மிச்சமிருப்பது நீதிமன்றம். தொலைத்தொடர்புக் கட்டணத்தில் இன்னொரு கெடுவும் உண்டு: கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை, கட்டிய நாளிலிருந்து ஓராண்டில் காலாவதியாகிவிடும். லியோன்காரரின் ஜனவரிப் பில்லுக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.